பயமா இருக்குதாம்

என் தங்கை சந்திரகாந்தா மாத்தளையில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் வேலை செய்தாள். பிரெஞ்சுக்காரர்களுக்கு ஏலத்தையும் கறுவாப்பட்டையையும் காட்டி விளக்குவாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவள் பேசுவதைக் கேட்கவே வேலியோரம் நிற்பேன்.

ஒருமுறை ஒரு வெள்ளைக்காரி வயிற்றைத் தடவி "ஜே ஃபாங்" என்றாள். தங்கை மேனேஜரிடம் "ஷீ இஸ் ஹங்க்ரி" என்றாள், சமையற்காரரிடம் "அம்மாவுக்குப் பசிக்குதாம்" என்றாள். பிரெஞ்சில் பசியைக் கையில் வைத்திருப்பதுபோலத்தான் சொல்வார்களாம். "அத அப்படியே சொன்னா யாருண்ணே சோறு போடுவா?" என்று சிரித்தாள்.

யுத்தத்தால் வெள்ளைக்காரர் வரவு குறைந்த வருடம் அது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த வேலம்மாவின் மகன் அழகமுத்து பாரிஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தான். போலீஸ் சந்தேகத்தில் பிடித்து, இருட்டறையில் அடைத்து, விட்ட பிறகு பிரான்சுக்கு ஓடிப்போனவன். இப்போது பேச்சு நின்றுவிட்டது, ஆளைக் கண்டால் கண்ணால் மட்டும் பதில் சொல்கிறான் என்று கூட இருந்தவர்கள் சொல்லியனுப்பினார்கள். ஆஸ்பத்திரியோடு பேச வேலம்மாவைக் கூட்டிக்கொண்டு நாங்கள் முத்தலிப் நானாவின் டெலிபோன் கடைக்குப் போனோம்.

நானா தங்கையிடம் மெல்லச் சொன்னார்: "மோசமா ஏதும் சொன்னா அந்த மனுசிக்கிட்ட சொல்லிராத தங்கச்சி. சொகமா இருக்கான்னு சொல்லிரு."

தங்கை ரிசீவரைக் காதில் வைத்தாள்.

முதலில் டாக்டர் இங்கிலீசில் பேசினார். "ஹீ இஸ் நாட் இன் பெயின்." தங்கை, "வலி இல்லையாம்த்தை" என்றாள்.

"கூதலா இருக்கான்னு கேளும்மா. அவனுக்குக் கூதலே ஆகாது."

நர்ஸ் வந்தாள். "எஸ்கில் ஆ ஃப்ருவா?" என்று தங்கை கேட்டாள். பதிலைக் கேட்டு, "கூதல் இல்லையாம், கம்பளி போர்த்தியிருக்காங்களாம்" என்றாள். பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். "இல் ஆ பேர்" என்று அந்தப் பெண் இரண்டுமுறை சொன்னது எனக்கே கேட்டது.

"என்னவாம்?" என்றாள் வேலம்மா.

நானா கண்ணைக் காட்டினார். தங்கை அவரைப் பார்க்கவில்லை.

"பயமா இருக்குதாம்த்தை. லைட்ட அணைச்சா நடுங்குறானாம், ஏன்னு அவங்களுக்குப் புரியலயாம்."

வேலம்மா அழவில்லை. "அணைக்க வேணாம்னு சொல்லு. ஜெயில்ல இருட்டுல போட்டு வச்சாங்கள்ல, அதான். இப்ப அவன் காதுல போன வைக்கச் சொல்லு." பிறகு ரிசீவரை வாங்கினாள். "அம்மாதான்டா. லைட்டு எரியும். யாரும் அணைக்க மாட்டாங்க, தூங்கு."

பேசி முடித்ததும் நானா தலையைக் குனிந்துகொண்டு காசு வாங்க மறுத்தார்.

அந்த வாரமே அழகமுத்து இறந்துபோனான். நர்ஸ் கடைக்கே போன் எடுத்துத் தங்கையிடம் சொன்னாளாம். தங்கை லயத்துக்கு நடந்து வந்து வேலம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"லைட்டு எரிஞ்சுகிட்டே இருந்திச்சாம்த்தை. பயம் இல்லாமத்தான் இருந்தானாம்."

வேலம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். "பயம்னு அன்னைக்கே மறைக்காமச் சொன்னவதானே. நீ சொன்னா சரிதாம்மா," என்றாள். அப்புறம்தான் வாய்விட்டு அழுதாள்.