ஜபீன் கேட்ட தையல் மிஷின்

பழவேற்காட்டு ஜபீனுக்குக் கண் நடுவில்தான் கோளாறு. ஓரத்தில் போகிற பூனை தெரியும், வாசலில் யாராவது நின்றால் தெரியும். நேராகப் பார்க்கிற இடத்தில் மட்டும் புகை படிந்த மாதிரி இருக்கும். கண்ணாடி போட்டாலும் தீராது, மருந்தும் கிடையாது, போகப் போக அந்தப் புகை பெரிதாகும் என்று சென்னை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நிக்காஹ் முடியும்வரை வாயைத் திறக்காதே என்றாள் அம்மா நசீரா. பெண்ணைக் கரையேற்றுகிறோம் என்ற நினைப்பில் பெற்றவர்கள் செய்கிற அநியாயத்துக்கு அளவே இல்லை. நிக்காஹ் முடிந்து ஒரு வருஷம் ஆன பிறகும் ஜபீனால் அந்த வாயைத் திறக்க முடியவில்லை.

புருஷன் தாஹா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். தங்கமான பையன். அவள் முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்ப்பதை வெட்கம் என்று நம்பி, அந்த வெட்கத்திலேயே சொக்கிக் கிடந்தான். அது வெட்கமில்லை என்று எப்படிச் சொல்வது? கட்டிக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று அம்மா வீட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டால்?

தீபாவளி போனஸில் இன்னா வேணும் என்று அவன் கேட்டபோது தையல் மிஷின் என்றாள். பார்வை போவதற்குள் கை பழகிவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. பழகிவிட்டால், பிறகு விஷயம் தெரிந்தாலும் தான் ஒரு பாரமில்லை என்று காட்டலாம் அல்லவா?

பஜாரில் தேசப்பன் கடையில் இரண்டு மிஷின்களை எடுத்து வைத்தார்கள். முதலாவது சாதாரண மோட்டார் மிஷின். தையலை மாற்ற ஒரு குமிழ், தையல் நீளத்துக்கு இன்னொரு குமிழ். பட்டன் நுழைகிற காஜாவை நாலு தடவை குமிழைத் திருப்பித் திருப்பிப் போட வேண்டும். கரண்ட் போனாலும் பக்கத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றி நாலு தையல் ஓட்டலாம். விலை போனஸுக்குள் அடங்கியது.

இரண்டாவது கம்ப்யூட்டர் மிஷின். விலை அதைப்போல் இரண்டரை மடங்கு. காஜாவை ஒரே மூச்சில் அதுவே போட்டுவிடும். ஒரு நெம்புகோலை இறக்கினால் ஊசியில் நூலைக் கோத்துத் தரும். காலால் மிதிக்கக்கூட வேண்டாம், பட்டனைத் தட்டினால் ஓடும். ஐம்பது தையல் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். பட்டனை அமுக்க அமுக்கச் சின்னக் கண்ணாடித் திரையில் நம்பர் மாறும். ஸ்விட்ச் போட்டதும் முதலில் ஒன்று என்றுதான் வரும், அது நேர்த்தையல் என்றார் தேசப்பன். ஆனால் வோல்டேஜ் ஏறி இறங்கினால் உள்ளே இருக்கிற போர்டு போய்விடும், ஸ்டெபிலைசர் வைத்தே ஆக வேண்டும், ரிப்பேருக்குச் சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

தாஹா கம்ப்யூட்டர் மிஷினை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஜபீனுக்கும் நூல் கோக்கும் வேலையை அது செய்து தருவதில் ஆசை எழுந்தது. அந்த ஒன்றுக்காகவே வாங்கலாம் போலிருந்தது. ஆனால் அந்த நம்பரை யார் படிப்பது? பட்டன்கள் எல்லாம் ஒரே மாதிரி வழவழவென்று இருந்தன. சாதாரண மிஷினின் குமிழில் கை வைத்தாள். திருப்பத் திருப்ப டக் டக் என்று விரலில் சொன்னது. மூன்றாவது டக்கில் ஜிக்ஜாக் தையல். நூல் கோக்க எப்படியாவது வழி கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, இதுவே போதும் என்றாள். தாஹாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அவள் தன் சம்பளத்தைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று நினைத்தான். முன்பணம் கட்டிவிட்டு வீடு வந்து சேர்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி வந்தது. பிரித்து எடுத்து மேஜைமேல் வைத்தான். ஜபீன் குமிழைத் தேடிக் கையை நீட்டினாள். குமிழ் இல்லை. வழவழப்புத்தான் இருந்தது.

"தவணைல எடுத்துக்கினு வந்துட்டேன். எனக்காக நீ ஆசைய அடக்கிக்கினு இருக்க வேணாம்," என்றான். குரலில் அப்படி ஒரு பூரிப்பு.

அவன் குனிந்து சுவரில் பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டான். அங்கிருந்தபடியே, "இன்னா நம்பர் வந்துது பாரு," என்றான்.

கடையில் கேட்டதை அவள் மறக்கவில்லை. கண்ணாடியைப் பார்ப்பதுபோலக் குனிந்து, "ஒண்ணு," என்றாள்.

தாஹா எழுந்து வந்தான். கண்ணாடி வெறுமையாக இருந்தது. மிஷினின் பக்கவாட்டிலும் ஒரு ஸ்விட்ச் இருந்தது, அதைப் போட அவன் மறந்துவிட்டிருந்தான். கண்ணாடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு அந்த ஸ்விட்சைப் போட்டான். மிஷின் ஒரு சத்தம் கொடுத்தது. ஒரு பட்டனைச் சிலமுறை அமுக்கினான்.

"இப்ப இன்னா காட்டுது, ஜபீன்?" என்று மெதுவாகக் கேட்டான்.

அவள் நேராக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"தெரியல மச்சான். ஒங்க மொகமும் எனக்குத் தெரியல."