செய்கூலி இல்லாத கொலுசு

பொன்மலையில் யார் நகை வாங்கப் போனாலும் அற்புதசாமியைக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். மருமகள் பேட்ரிசியாவுக்கு நூறு கிராம் கொலுசை அன்றைய வெள்ளி விலைக்கே, செய்கூலி கொடுக்காமல் வாங்கிய கெட்டிக்காரர் ஆயிற்றே! 925 ஹால்மார்க் கொலுசுக்குப் பதினைந்து சதவீதம் செய்கூலி கேட்ட கடையை, “கொள்ளைக்காரனுங்க” என்று வைதுவிட்டு வந்தவர்.

இன்று அவர் வைத அதே கடையில்தான், அந்தப் பழைய கொலுசை மாற்ற பேட்ரிசியா மாமனாரோடு நின்றாள். சோதித்துப் பார்த்த கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“ஐயா, இதுல எழுபது கிராம்தான் வெள்ளி. மிச்சம் செம்பு. அதான் ஹால்மார்க் இல்ல.”

“அந்தக் கடையில செய்கூலியே வாங்கலீங்களே!” என்றார் அற்புதசாமி.

“முப்பது கிராம் செம்பை வெள்ளி விலைக்கு வித்துட்டாங்க. வேற கூலி எதுக்குங்க? எங்ககிட்ட பதினஞ்சு சதவீதம் கூடக் கொடுத்தாலும், நூறுல தொண்ணூத்திரண்டரை கிராம் வெள்ளி இருக்கும்.”

அற்புதசாமி தரையைப் பார்த்தார்.

“விடுங்க மாமா, அத்தைகிட்ட சொல்லமாட்டேன்,” என்றாள் பேட்ரிசியா. அது இன்னும் சுட்டது. “ஆனா உங்க பேச்சைக் கேட்டு அனிஷாவும் அங்கதானே வாங்கினா?”

பக்கத்து வீட்டு அனிஷாவின் கதவைத் தட்டும்போது, உள்ளே யாரும் இருக்கக் கூடாதே என்று புனித அந்தோணியாரை வேண்டிக்கொண்டார். கொலுசுச் சத்தம் கதவை நோக்கி வந்தது.