ஏப்ரலில் குறைந்த கோழி ஊறுகாய்

எங்கள் ஊறுகாய் வியாபாரத்துக்கு மகள்தான் கணக்கு. மே மாதம் கம்ப்யூட்டரில் விற்பனையைப் பிவட் என்ற தொகுப்பு அட்டவணையாகப் போட்டாள். ஊரும் ஊறுகாய் வகையும் இடப்பக்கம், மாதங்கள் மேலே, ஒவ்வொரு மாதத்துக்கும் போன வருடத்தோடு வித்தியாசம். திருப்பதி, பாகாலா சரியாக இருந்தன. சித்தூரில் கோழி ஊறுகாய்க்கு ஏப்ரல் கட்டம் மட்டும் சிவப்பு. போன ஏப்ரலில் பாதிகூட விற்கவில்லை.

"சித்தூர்ல கோழிய நிறுத்திடலாம்மா," என்றாள்.

கோழி ஊறுகாய் போடுவது நான். வேறு வேலை எனக்கு இல்லை. பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த மருமகன் எட்டிப் பார்த்து மகளிடம் சொன்னார். "போன வருசம் ஈஸ்டர் மார்ச்லயே வந்துட்ச்சு. இந்த வருசம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு ஏப்ரல்ல பாதி மாசத்துக்குமேல ஓடுச்சு. சித்தூர்ல வாங்குறது நம்ம சபை ஜனம். யாரும் கறி துன்னல. நீயும்தான் கத்திரிக்கா துன்னுகினு இருந்த."

மகள் மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்றையும் ஒரே குழுவாகச் சேர்த்தாள். இரண்டு வருடத்தின் மொத்தமும் ஏறக்குறைய ஒன்றாக நின்றது. சிவப்பு போய்விட்டது.

"கோழி இருக்கட்டும். அடுத்த லெந்துக்குக் கத்திரிக்கா ஊறுகாயும் போடும்மா," என்றாள்.

இன்னும் கொஞ்சம் பூண்டு எடுத்து வந்தேன்.