அணைஞ்சிடுச்சி என்று நான் சொன்ன காலை

கூட்டேரிப்பட்டுப் பக்கத்தில் பழைய பிளாஸ்டிக் பிரிக்கும் யார்டு வைத்திருக்கிறேன். இருபது வருடமாக எனக்கு ஒரு பெருமை இருந்தது, என் மூக்கு. எந்தத் துண்டைக் கொடுத்தாலும் லைட்டரால் ஓரத்தைக் கொளுத்தி, ஊதி அணைத்து, மோந்து பார்த்துச் சொல்லிவிடுவேன். மெழுகுவத்தி வாசனை வந்தால் பால் கவர், குடம் ரகம். முடி கருகின வாசனை என்றால் நைலான். மூக்கில் ஊசி குத்தினால் பிவிசி. தண்ணீர்க் குழாய், ஒயர் மேலே இருக்கிற உறை எல்லாம் அந்த ரகம்தான். திண்டிவனத்துக் கடைக்காரர்கள்கூடச் சந்தேகத் துண்டுகளை என்னிடம் கொடுத்தனுப்புவார்கள். தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்?

என் யார்டுக்கு அடுத்தது டயர் யார்டு. அதை வைத்திருந்தவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனிதர், ஆனால் இடத்தைக் கண்டால் சும்மா விட மாட்டார். வேலி ஓரம் வரைக்கும் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு டயரை அடுக்கிவிட்டார். நானோ வேலிக்கும் என் மூட்டைகளுக்கும் நடுவில் லாரி போகிற அளவுக்குச் சந்து விட்டிருந்தேன். நெருப்புக்குப் பயந்து சந்து விட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். லாரியைத் திருப்ப இடம் இல்லையென்றால் டிரைவர்கள் என்னைத் திட்டுவார்கள், அவ்வளவுதான்.

"எடத்த வீணாக்கிக்கினு கீறியே தங்கச்சி. இந்தச் சந்துல என்னா தேர் இழுக்கப் போறியா?" என்று அண்ணன் கிண்டல் செய்வார்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் காலை, ரோட்டோரக் காய்ந்த புல்லை யாரோ கொளுத்திவிட்டுப் போனார்கள். அது ஊர்ந்து வந்து டயர் குவியலில் ஏறியது. கால் மணி நேரத்தில் வானம் கறுத்தது. திண்டிவனத்திலிருந்து தீயணைப்பு வண்டி வந்தது, விழுப்புரத்திலிருந்து இன்னொன்று. அன்று முழுக்கத் தண்ணீர் அடித்தார்கள். டயரின் முதுகில் பட்ட தண்ணீர் வழுக்கி வெளியே ஓடியதே தவிர, வளையத்துக்கு உள்ளே போகவில்லை. நான் என்னிடம் வேலை செய்கிற பெண்கள் எட்டுப் பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சாக்கை நனைத்து மூட்டைகள் மேல் போட்டுக்கொண்டே இருந்தேன். எட்டுக் குடும்பம் அந்த மூட்டைகளை நம்பி இருந்தது. என் குடும்பம் ஒன்பதாவது.

மறுநாள் காலை வந்து பார்த்தால் தீயே இல்லை. கறுப்புப் புகை போய், இட்லி குண்டானில் வருகிற மாதிரி வெள்ளையாகக் கொஞ்சம் ஆவி. எனக்கு உயிர் வந்தது. போனை எடுத்து ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டேன். "அணைஞ்சிடுச்சி, வாங்கடி" என்றேன். நெருப்பில்லாமல் புகையாது என்று சொல்கிற ஊரில் பிறந்து, புகையைப் பார்த்துக்கொண்டே நெருப்பு இல்லை என்று சொன்னவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பதினோரு மணிக்குக் காற்று எங்கள் பக்கம் திரும்பியது. என்னிடம் பதினைந்து வருடமாக வேலை செய்கிற கோலியனூர்க்காரி, பிளாஸ்டிக் பிரித்துக்கொண்டிருந்தவள், "தல சுத்துதுக்கா" என்றாள். அடுத்த நிமிடம் வாந்தி எடுத்துச் சாய்ந்தாள். அதே நேரம் குவியலின் நடுவிலிருந்து ஆள் உயரத்துக்குத் தீ எழும்பியது. அவளை ஆட்டோவில் போட்டு விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். போனில் விஷயத்தைச் சொன்னதும் அவள் வீட்டுக்காரர் பட்டென்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தீயணைப்பு அதிகாரி என் அம்மா திட்டுகிற மாதிரி ஒரு திட்டுத் திட்டினார்.

"யாரும்மா அணைஞ்சிடுச்சின்னு சொன்னது? நாங்க சொன்னமா?"

"தீ தெரியலீங்க சார்" என்றேன்.

"மேல தாம்மா ஆறுது. உள்ள டயர் உருகி எண்ணெயா ஓடிக்கினு இருக்குது. ஒவ்வொரு டயருக்குள்ளயும் காத்து நிக்குது, உள்ள கீற கம்பி சூட்ட வுடாது. இது பத்து நாள் கூட எரியும். கலைச்சி, ஒண்ணொண்ணா எடுத்து தண்ணில முக்குனா தான் உண்டு. ஜேசிபி உள்ள போக வழி எங்க?"

அண்ணன் யார்டில் வழி ஏது? வாசல் பக்கம்தான் எரிந்துகொண்டிருந்தது. அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் வேலியைக் காட்டினேன். "இத பிரிச்சிடுங்க சார். என் சந்து வழியா வரட்டும்."

அதிகாரி சந்தின் அகலத்தை அளந்து பார்த்தார். அப்புறம் என் மூட்டைகளைப் பார்த்தார். "இதுல பிவிசி எது?"

"இந்த ஓரத்துல கீற பைப்பு மூட்டைங்க."

"மொதல்ல அத தூரமா தள்ளுங்க. அது எரிஞ்சா வர்ற புகை ஈரத்துல பட்டா ஆசிட்டு. தொண்டையும் நுரையீரலும் ஈரம் தான?"

"தெரியும் சார். மோந்து பார்த்தா ஊசி குத்துற மாதிரி இருக்கும்" என்று பழக்கதோஷத்தில் என் பெருமையைச் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். "இத்தன வருசமா இதத் தான் மோந்துக்கினு இருந்தீங்களா?"

என் பெண்களுக்கும் அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

வேலியைப் பிரித்தார்கள். ஜேசிபி என் சந்தில் நுழைந்து முதலில் ஒரு பள்ளம் தோண்டியது, அந்த மண்ணைக் கொண்டே ஏரி வாய்க்கால் பக்கம் கரை கட்டினார்கள். கறுப்பு எண்ணெய் தண்ணீரோடு கலந்து அந்தக் கரையில் வந்து நின்றது. கரை இல்லையென்றால் நேராக ஏரிதான். அப்புறம் இரும்புக் கை டயர்களைக் கவ்விக் கவ்விப் பள்ளத்தில் முக்கியது. ஒவ்வொன்றும் சுர்ரென்று கத்தியது. இரண்டு முழு நாள் அந்தச் சத்தம். நான்காம் நாள் மதியம் அதிகாரி குவியல் இருந்த இடத்தை நாலு பக்கமும் கிளறச் சொல்லி, கையைத் தரைக்கு மேல் நீட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப சொல்லுங்கம்மா" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் சிரித்துவிட்டார்.

என் மூட்டைகளில் ஒன்றுகூட எரியவில்லை. அண்ணன் அப்புறம் மறுபடி டயர் போட்டார். ஆனால் சின்னச் சின்னக் குவியலாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் சந்து விட்டு. "தேர் எத்தினிண்ணா?" என்று கேட்டேன். "போம்மா" என்றார்.

அந்த நாலு நாளிலேயே கோலியனூர்க்காரிக்கு உடம்பு சரியாகிவிட்டது. ஆனால் வேலைக்கு வரவில்லை. போன் செய்யவும் எனக்கு முகம் இல்லை. அவள் இல்லாமல் மற்றவர்களும் வர யோசித்தார்கள். மூட்டை பிழைத்தும் யார்டு ஆளில்லாமல் கிடந்தது.

பத்தாம் நாள் காலை அவளாக வந்து நின்றாள். கையில் அவள் வீட்டு பிளாஸ்டிக் பக்கெட். பைப்படியில் தண்ணீர் பிடித்து என் முன்னால் வைத்தாள். ஒரு பால் கவர் துண்டும் ஒரு பைப் துண்டும் எடுத்து உள்ளே போட்டாள். கவர் மிதந்தது. பைப் மூழ்கியது.

"முழுவறத தனியா போட்டா பாதி வேல முடிஞ்சிதுக்கா. மீதிய மடிச்சிப் பாத்து சொல்லிடலாம்" என்றாள். "உன் மூக்க கொஞ்சம் சும்மா வுடு."

பிறகு கையை நீட்டினாள். எதற்கென்று எனக்குப் புரிந்தது. இடுப்பில் சொருகியிருந்த லைட்டரை எடுத்துக் கொடுத்தேன். அதை அவள் பக்கெட்டில் போட்டாள். இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம். அது மூழ்கியது.