வரவேற்பு மெயிலில் இருந்த எண்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பர்சனல் டிபார்ட்மென்டில் பெர்சிஸ் வேலை பார்க்கிறாள். சொந்த ஊர் வாலாஜாபேட்டை. டைம் ஆபீஸில் கைரேகை மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து லீவு லெட்டர் வாங்கும் வேலையில் சேர்ந்தவள், பதினோரு வருடத்தில் புதிதாக வேலைக்கு எடுப்பவர்களின் பொறுப்பு முழுவதற்கும் வந்துவிட்டாள்.

ஆபீஸ் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சேரும் நாளுக்கு முன்பே ஒரு மெயில் அனுப்பும் பழக்கத்தை அங்கே ஆரம்பித்தது அவள்தான். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் மெயில் போய்விடும். திங்கள்கிழமை எட்டரைக்கு வர வேண்டும், எந்த கேட், செக்யூரிட்டியிடம் யார் பேரைச் சொல்ல வேண்டும், ஆதார், பான், பேங்க் பாஸ்புக் நகல், போட்டோ, பழைய பி.எஃப். எண் இருந்தால் அதுவும். முதல் நாள் காலை ஃபாரம் நிரப்புவது, பிறகு பாதுகாப்பு வகுப்பு, மத்தியானம் தன் டிபார்ட்மென்டில் மேனேஜரைப் பார்ப்பது. கடைசியில் தொடர்புக்கு இரண்டு எண்கள். ஒன்று அவளுடையது. இன்னொன்று பஸ் விவரம் கேட்க டிரான்ஸ்போர்ட் எண். மேனேஜருக்கும் செக்யூரிட்டி ஆபீஸுக்கும் அதே மெயில் நகலாகப் போகும்.

ஒவ்வொரு தடவையும் முந்தைய மெயிலையே எடுத்து, பெயரையும் தேதியையும் மாற்றி அனுப்புவாள். அதில் அவளுக்கு ஒரு சின்ன கர்வமும் இருந்தது. மெயில் நல்லாயிருந்தது என்று சேர்ந்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலையில் கரோலின் என்ற பெண் சேர வேண்டியிருந்தது. நாட்றம்பள்ளிக்காரி. வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் பிரிவில் உதவியாளர் வேலை. படித்து முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை அது.

திங்கள்கிழமை எட்டரை ஆயிற்று, ஒன்பது ஆயிற்று, அவள் வரவில்லை. அந்தப் பிரிவின் மேனேஜர் முனீர் அகமது இன்டர்காமில் கூப்பிட்டார்.

"பெர்சிஸ், உங்க பொண்ணு வரலியே. பத்து மணிக்கு வெளிநாட்டு பையரோட வீடியோ கால் இருக்கு. அவளையும் உக்கார வச்சுக் காட்டலாம்னு இருந்தேன். மொத நாளே இப்படின்னா எப்படி?"

ஒன்பதே முக்காலுக்கு கேட்டிலிருந்து தகவல் வந்தது. கரோலின் வியர்த்துப் போய் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"கம்பெனி பஸ் வரல மேடம். ஆறே முக்கால்லேர்ந்து பஸ் ஸ்டாண்டு எதிர்ல மெடிக்கல் ஷாப்பாண்டதான் நின்னேன். அப்புறம் வாணியம்பாடி போயி பஸ் மாறி வந்தேன். உங்களுக்கு போன் பண்ணேன், நீங்க எடுக்கல."

பெர்சிஸ் தன் போனைப் பார்த்தாள். எட்டு மணிக்கு இரண்டு அழைப்பு. பாதுகாப்பு வகுப்புக்கு ஹாலைத் தயார் செய்கிற அவசரத்தில் போனை மேஜையிலேயே விட்டிருந்தாள்.

"அங்க பஸ் நிக்காதேம்மா. போன மாசத்திலேர்ந்து ஊருக்குள்ள வர்றதில்ல, ஹைவே மேம்பாலத்துக்குக் கீழதான். ஆறு அம்பத்தஞ்சு. மெடிக்கல் ஷாப்புன்னு யார் சொன்னது?"

"நேத்து சாயந்திரம் மெயில்ல இருந்த நம்பருக்குப் பேசினேன் மேடம். ஒரு பாய் சொன்னார். ரொம்ப நல்லா பேசினார்."

டிரான்ஸ்போர்ட் பொறுப்பில் இருப்பவர் கோதண்டபாணி. பெர்சிஸ் அவரைக் கூப்பிட்டு எண்ணைப் படித்துக் காட்டினாள்.

"அது என் நம்பரே இல்லீங்க. எனக்கு கம்பெனி சிம்மு தனியா குடுத்தாங்களே. எனக்கு ஞாயித்துக்கிழமை எவனும் போன் பண்ணதே கிடையாது."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அது சர்தார் பாஷாவின் சொந்த எண். கோதண்டபாணிக்கு முன்பு பத்தொன்பது வருடம் பஸ்களைப் பார்த்துக்கொண்டவர், ரிடயர் ஆகி மூன்று வருடம் ஆகிறது. மெயிலில் 'டிரான்ஸ்போர்ட்' என்று மட்டும் இருந்தது, பெயர் இல்லை. அது ஆபீஸ் எண் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ஒரு தடவைகூட அந்த எண்ணுக்குப் போன் செய்து பார்த்ததில்லை.

முதலில் அவள் கரோலினை ஃபாரம் நிரப்ப உட்கார வைத்தாள். பிறகு முனீர் அகமதுவின் அறைக்குப் போய், தப்பு அந்தப் பெண்ணுடையது இல்லை, மெயிலுடையது, மெயில் தன்னுடையது என்று சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, மதியம் அனுப்புங்க" என்றார். கரோலினுக்கு முதல் நாள் லேட் விழாமல் இருக்க, காரணத்தை எழுதி டைம் ஆபீஸுக்கு மெயில் போட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் சர்தார் பாஷாவை அழைத்தாள். கோபத்தோடுதான் அழைத்தாள்.

"பாய், மூணு வருஷமா உங்களுக்குதான் போன் வந்துச்சா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருக்கணும்தாம்மா. மொத தடவ ஒரு பையன் கேட்டான், பழக்கத்துல சொல்லிட்டேன். அப்புறம் மாசத்துக்கு ரெண்டு பேராவது கேப்பாங்க. ரூட் எல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதானேன்னு இருந்துட்டேன். இன்னா ஆச்சு?"

அவள் நடந்ததைச் சொன்னாள்.

"யா அல்லா. மேம்பாலத்துக்கு மாத்திட்டாங்களா? அந்தப் பொண்ணு ரெண்டு தரம் கேட்டு எழுதிக்கிச்சும்மா. எனக்கு இப்ப பேஜாரா இருக்கு. அதுகிட்ட நான் பேசலாமா?"

அவர் குரலில் இருந்த பதற்றம் பெர்சிஸின் கோபத்தைக் கரைத்தது. தானும் எண்ணைச் சரிபார்க்கவில்லையே என்றாள். பிறகு சும்மா கேட்டாள், பஸ் நேரம்தானே எல்லாரும் கேட்பார்கள் என்று.

"பஸ்ஸு ஒரு நிமிஷம் பேச்சு. மத்தது ஜாஸ்தி. சாப்பாடு கட்டிக்கிணு வரணுமா, கேன்டீன்ல மீல்ஸ் இருக்குமா? செருப்பு போட்டு வரலாமா, ஷூதானா? போன் உள்ள விடுவாங்களா? ஒரு அம்மா, கைக்குழந்தைக்காரி, பால் எடுக்க ரூம் இருக்கான்னு கேட்டுச்சு. தோல் வாசனையில தலைவலி வருமான்னு ஒருத்தன். மேடம்கிட்ட இதெல்லாம் கேட்டா தப்பா நெனப்பாங்கன்னு எங்கிட்ட கேக்குதுங்க."

பெர்சிஸ் கையில் கிடைத்த கேட் பாஸ் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டே இருந்தாள். தாள் நிறைந்துவிட்டது. இத்தனை பேர் இத்தனை கேட்டிருக்கிறார்கள், ஒன்றுகூடத் தன் காதுக்கு வரவில்லை.

அந்த வாரம் பழைய மெயிலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். மேலே ஆங்கிலம், கீழே தமிழ். பஸ் நிற்குமிடங்களைக் கோதண்டபாணியிடம் கேட்டு எழுதி, எந்தத் தேதியில் சரிபார்த்தது என்றும் போட்டாள். கேன்டீனில் மதியச் சாப்பாடு உண்டு, முதல் நாள் கம்பெனி கணக்கு. ஆபீஸுக்குச் செருப்பு போதும், ஃபேக்டரிக்குள் போகும் அன்று ஷூ. பால் எடுக்க நர்ஸ் அறைக்குப் பக்கத்தில் ஓர் அறை இருக்கிறது. முதல் வாரத்தில் என்ன வேலை என்பதை அந்தந்த மேனேஜரிடம் கேட்டு நான்கு வரி. தொடர்பு எண்களுக்குப் பக்கத்தில் பெயர், எந்த நேரம் எடுப்பார் என்ற விவரம்.

தமிழ்ப் பகுதியை சர்தார் பாஷாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அரை மணியில் அவர் போன் செய்தார்.

"கேட் ரெண்டுன்னு போட்டிருக்கியேம்மா. ரெண்டுன்னா உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியும். வெளியேர்ந்து வர்றவங்களுக்கு பெட்ரோல் பங்க் பக்கத்து கேட்டுன்னு போடு."

மாற்றினாள். "உங்க நம்பரை எடுத்துட்டேன் பாய்" என்றாள்.

"எடுத்துடும்மா, அதான் சரி" என்றார். அவரும் போனை வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. கடைசியில் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டாள். மருமகளுக்கு வேலூரில் ஆபரேஷன் நடந்ததை அவர் விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். அவள் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டில் மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் மெயில் போவதற்கு முன் பெர்சிஸ் அதிலிருக்கும் எண்களை ஒரு முறை அழைத்துப் பார்த்தாள். கோதண்டபாணி சலித்துக்கொண்டார்.

"நான்தாங்க எடுக்கிறேன். இன்னும் எத்தனை தடவ செக் பண்ணுவீங்க?"

"அடுத்த வெள்ளிக்கிழமையும் பண்ணுவேன்" என்று சொல்லி, பட்டியலில் அடுத்த எண்ணை அழுத்தினாள்.