மூலையில் தலையாட்டிய கார்

அந்த ஆகஸ்ட் மாதம் காஜா பெராங்கில் எங்கள் சந்து முழுக்கக் கொடி. சுதந்திர மாதமென்றால் மோட்டார் சைக்கிளுக்கும் கொடி, குப்பைத்தொட்டி மூடிக்கும் கொடி. எங்கள் வீட்டு வரவேற்பறையில் மட்டும் கொடிக்கு இடமில்லை. சோபாவைத் தள்ளி, டீப்பாயை வெளியே போட்டு, தரையை ஒரு சின்னக் காருக்குக் கொடுத்திருந்தோம்.

கார் என் நாத்தனாருடையது. கணவரின் தங்கை, வயது முப்பத்தொன்பது. பக்கத்தில் செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டிராலி தள்ளுகிறாள். ஸ்டோரிலிருந்து அசெம்பிளி லைனுக்குப் பெட்டி பெட்டியாகச் சாமான். பதினைந்து வருடம். பராமரிப்புப் பிரிவில் டெக்னீஷியனாகப் போக வேண்டும் என்று சமூகக் கல்லூரியில் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தாள். சான்றிதழுக்குக் கடைசித் தடை, அவளே செய்த இந்தக் கார். பலகை அடைத்த ஒரு களத்தில் மூன்று நிமிடம் தானாக ஓட வேண்டும். கை பட்டால் தோல்வி. ஒருமுறை பட்டுவிட்டது. இது இரண்டாவது, கடைசி வாய்ப்பு.

எனக்கு அவள் கையில் சால்டரிங் அயர்னைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். குழம்புக்கு உப்புப் பார்க்கிறவளைப் போல முகத்தைச் சுருக்கி, ஈயம் உருகும் ஒரு துளிக்காக மூச்சை நிறுத்துவாள். நான் எழுதுகிற மேசையின் பாதி அவளுடைய ஒயர்களுக்குப் போயிருந்தது. என் பாதியிலும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. எழுந்து நிற்பேன், ஜன்னலுக்குப் போவேன், திரும்பி வருவேன். கார் என்னைவிட ஒழுங்காக நடந்தது, மூலை வரும்வரை.

காரின் முகத்தில் இரண்டு வட்டங்கள், தகரக் கண்கள் மாதிரி. அவற்றில் சந்தனம் வைத்துக் குங்குமப் பொட்டும் இட நான் கிண்ணத்தோடு வந்தபோது அவள் பதறிக் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, அது கண்ணு இல்ல. ஒண்ணு வாய், ஒண்ணு காது. சந்தனத்தை அப்பினா செவிடாயிடும்."

"புது வண்டிக்குப் பொட்டு வைக்காம எப்படி ஓட்டுறது?"

"பேட்டரி பெட்டியில வைங்க. அதுக்கு ஒண்ணும் கேக்க வேண்டியதில்ல."

அந்த வாய் நமக்குக் கேட்காத ஒலியை அனுப்பும். சுவரில் பட்டுத் திரும்புவதைக் காது பிடிக்கும். போய்வந்த நேரத்தில் பாதியை வைத்துச் சுவரின் தூரத்தைக் கணக்கிடும். இருபத்தைந்து சென்டிமீட்டருக்குள் ஏதாவது வந்தால் கார் நிற்கும். கழுத்திலுள்ள குட்டி மோட்டார் முகத்தை இடப்பக்கம் திருப்பும், பிறகு வலப்பக்கம். எந்தப் பக்கம் இடம் அதிகமோ அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பி, மறுபடி முன்னால் பார்க்கும். நேர்ச் சுவரென்றால் அழகாக விலகிப் போகும்.

சோபாவுக்குப் பக்கத்தில் இரண்டு சுவர்கள் சேரும் மூலைக்குள் குறுக்காக நுழைந்துவிட்டால் கதை வேறு. இடது கொஞ்சம். வலது கொஞ்சம். இடது. வலது. எனக்கு அது பாவமாக இருந்தது. "வேண்டாம், வேண்டாம்" என்று தலையாட்டுகிற பிள்ளை.

நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்தார். "உன் கார் உன் அண்ணி மாதிரிதான். கடைக்குப் போலாமா வேணாமான்னு வாசல்லயே நிக்குது."

"நீங்க பேப்பரைப் படிங்கண்ணே," என்றாள் அவள். நான் சிரித்துவிட்டேன். பொய்யில்லையே.

லேப்டாப்பைக் காரோடு ஒயரால் இணைத்து எண்களைப் பார்த்தோம். இடது பார்வைக்கு சைபர். வலதுக்கு இருபத்தெட்டு. கார் வலப்பக்கம் திரும்பியது. இப்போது வலதுக்கு சைபர், இடதுக்கு இருபத்தெட்டு.

"சுவரைச் சாய்வா பார்க்கும்போது சத்தம் வழுக்கி வேற பக்கம் போயிடுது, அண்ணி. பதில் வரல. பதில் வரலன்னா புரோகிராம் சைபர்னு எழுதுது. சைபர்னா சுவர் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு அது நினைக்குது."

"அப்ப பதில் வரலன்னா தூரம்னு எழுதிடு."

எழுதினாள். மூலையை விட்டு வந்தது. வந்த வேகத்தில் சோபாவின் குஷனைத் திறந்த சாலையென்று நம்பி அதற்குள் முகத்தைப் புதைத்தது. பஞ்சு ஒலியை விழுங்கிவிடுகிறது. அதுவும் பதில் சொல்வதில்லை.

தேர்வுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். "இந்தத் தடவையும் கை வைக்க வேண்டி வந்தா, டிராலிதான் அண்ணி. ரிட்டயர் ஆகுறவரைக்கும் டிராலிதான்."

வாயில் வந்ததைக் கேட்டேன். "உன் டிராலி ரெண்டு ரேக்குக்கு நடுவுல மூலையில மாட்டினா என்ன செய்வே?"

"கொஞ்சம் பின்னால இழுப்பேன். ஒரு பக்கம் ஒடிச்சு பூசிங் பண்ணுவேன்." திருப்புவதற்கு எங்கள் ஊர்த் தமிழில் அந்த மலாய்ச் சொல்தான்.

"எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமா இருந்தா என்ன? ஆரம்பிச்ச பக்கமே முடிக்கணும். புதுசா வர்ற பிள்ளைங்கதான் பாதியில அந்தப் பக்கம், இந்தப் பக்கம்னு ஆட்டும். சாமானெல்லாம் கொட்டும். நான் தினமும் திட்டுறது…"

அவள் காரைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பேப்பரும் கொஞ்சம் இறங்கியது.

அதற்குப் பிறகு அவள் எழுதியது சின்னது. தடை வந்தால் முதலில் சற்றுப் பின்னால் போ. பக்கங்களை ஒரே ஒருமுறை பார், ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடு. தப்பாகத் தேர்ந்தாலும் பரவாயில்லை. பிறகு பக்கங்களைப் பார்க்காதே. முன்னால் நாற்பது சென்டிமீட்டர் திறக்கும்வரை அதே பக்கம் திரும்பிக்கொண்டே இரு. ஒரு முழுச் சுற்று முடிந்தும் திறக்கவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் பின்னால் வந்து அதே பக்கமே தொடர்.

"நிக்கிறதுக்கு இருபத்தஞ்சு, போறதுக்கு நாப்பதா? ஒரே எண்ணு போதாதா?" என்று கேட்டேன்.

"ஒரே எண்ணா வச்சா அந்தக் கோட்டு மேலயே நின்னு போலாமா வேணாமான்னு ஆடும். அண்ணன் சொன்ன மாதிரி." என் பக்கம் பார்க்காமலேயே சொன்னாள்.

குஷன் மட்டும் கடைசிவரை அதை ஏமாற்றிக்கொண்டுதான் இருந்தது. களத்தில் பலகைதான், பஞ்சு இல்லை என்று அதை விட்டுவிட்டோம். சோபாவுக்கு முன்னால் அரிசி மூட்டைகளை வைக்கவில்லை, அவையும் மெத்தென்று இருக்குமென்று. பிஸ்கட் டின்களை அடுக்கினோம்.

சனிக்கிழமை காலை கல்லூரியின் பட்டறையில் நான் கதவோரம் நின்றேன். பேட்டரிப் பெட்டியில் பொட்டு காய்ந்திருந்தது. கார் புறப்பட்டது. ஒரு பலகை, இன்னொரு பலகை, விலகியது. இரண்டாவது நிமிடத்தில், மூன்று பக்கம் அடைத்த ஒரு இடுக்கிற்குள் சற்று இடப்பக்கம் சாய்ந்து போனது. பின்வாங்கியது. இடம் பார்த்தது, வலம் பார்த்தது. வலதைத் தேர்ந்தது. தவறான பக்கம், இடப்பக்கம் திரும்பியிருந்தால் சீக்கிரம் வெளியே வந்திருக்கும்.

வலது. சுவர். வலது. மறுபடி சுவர். அவளுடைய கை தானாக நீண்டது. களத்தின் விளிம்பு வரை வந்தது. பலகைக்கு மேலே, காருக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. கையை எடுத்துவிடட்டும், வைத்துவிடக் கூடாது என்று நான் எந்தச் சாமியிடம் சொன்னேன் என்று நினைவில்லை. அவள் கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

வலது. முன்னால் திறந்தது. கார் வெளியே வந்தது.

நேரம் முடிந்ததும் தேர்வாளர், எங்களை விட இளையவர், மலாயில் கேட்டார்: இடப்பக்கம் கிட்ட இருந்ததே, ஏன் சுற்றிக்கொண்டு போனது? அவளும் மலாயில் பதில் சொன்னாள். பாதியில் பக்கம் மாற்றினால் சாமான் கொட்டும் என்றாள். அவருக்குப் புரியவில்லை. புரோகிராமைத் திறந்து காட்டினாள். அவர் படித்துக்கொண்டே போய், அதே பக்கம் தொடரச் சொல்லும் வரியில் நின்று, தலையசைத்துக் கையெழுத்திட்டார்.

வெளியே வெயிலில் அவள் கையைத் திறந்து காட்டினாள். உள்ளங்கையில் நான்கு நகத் தடங்கள், சிவந்து.

"தொடவே இல்ல அண்ணி," என்றாள்.