ஒரு கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம்?

சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் லேபில் நான் டெக்னீஷியன். கடலூர் முதுநகர் வீட்டிலிருந்து தினமும் ரயிலில் போய் வருவேன். ஒரு மாலை ரயிலில் நின்றபடி வாட்ஸ்அப் பார்த்தேன். ஞாயிறு விடுமுறை இனி கிடையாது என்று மேனேஜர் குரூப்பில் போட்டிருந்தார். அதன் கீழே ஒரு நர்ஸ், "ஒரு நாள் லீவும் இல்லன்னா, இந்த ஞாயித்துக்கெழம யாரும் வராம இருந்துடலாம்" என்று எழுதியிருந்தாள். அவள் ஆற்றாமை புரிந்தது. ஒரு கட்டைவிரல் எமோஜி போட்டேன். போனைப் பையில் வைத்துவிட்டேன்.

அந்த ஞாயிறு மூன்று பேர் வரவில்லை. நான் வந்தேன், வழக்கம்போல ரத்தம் எடுத்தேன். செவ்வாயன்று எனக்கு சார்ஜ் மெமோ வந்தது. ஊழியர்களை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டினேனாம். ஆதாரம், அந்தக் கட்டைவிரல்.

மேனேஜர் கூப்பிட்டார். "ஏம்மா, அந்த நர்ஸே மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டா. நீயும் குடுத்துடு, வார்னிங்கோட முடிச்சிடறேன்."

"நான் தூண்டலயே சார். எதுக்கு மன்னிப்பு?"

வீட்டிலும் அதே பேச்சுதான். "ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வேலயப் பாரேன்" என்றார் கணவர்.

"எழுதுனா நான் ஒத்துக்கிட்டதாப் பூடும் மாமா. அப்புறம் காலத்துக்கும் அத வச்சே மெரட்டுவாங்க. முடியாது."

நர்ஸ் மீது எனக்குக் கோபமில்லை. இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவள். எனக்குத்தான் பணிய மனம் வரவில்லை.

மருத்துவமனையிலேயே ஓர் அறையில் விசாரணை நடந்தது. நிர்வாகம் அமர்த்திய ஒரு வக்கீல்தான் விசாரணை அதிகாரி. நர்ஸின் செய்தியும் என் கட்டைவிரலும் மட்டும் தெரியும்படி வெட்டிய ஒரு ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினார்கள். மேலும் கீழும் உள்ள முழு உரையாடலையும் கொண்டுவரச் சொல்லிக் கேட்டேன். தேவையில்லை என்றார்கள். நான் அன்று வேலைக்கு வந்ததைச் சொன்னேன். "தான் மட்டும் வேலைக்கு வந்துவிட்டு, பிறரைத் தூண்டினார்" என்று அறிக்கையில் எழுதினார்கள். வேலையிலிருந்து நீக்கினார்கள்.

கடலூர் தொழிலாளர் துறை அதிகாரி முன் சமரசம் பேசிப் பார்த்தோம், நடக்கவில்லை. தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனேன். என் வழக்கறிஞர் நிதானமான பெண்மணி. கட்டைவிரலை வைத்து வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு காவலரைத் திரும்பச் சேர்க்கச் சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துக் காட்டினார். "செய்தியப் பாத்தேன்னும் அதுக்கு அர்த்தம் இருக்கலாம்னுதான் அதுல சொல்லிருக்காங்க. ஆனா அது மட்டும் பத்தாதும்மா. ஒவ்வொரு கேசுலயும் முன்னாடி பின்னாடி என்ன இருந்ததுன்னு பாப்பாங்க. உங்க போனப் பத்திரமா வச்சிக்குங்க, எதயும் அழிச்சிடாதீங்க."

முழு உரையாடலைத் தர மறுத்ததால் விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று நீதிமன்றம் முதலில் முடிவுசெய்தது. குற்றச்சாட்டை நிர்வாகம் அங்கேயே புதிதாக நிரூபிக்க வேண்டியதாயிற்று. மேனேஜர் சாட்சிக் கூண்டில் ஏறினார். நான் என் போனையும், அதிலிருந்து எடுத்த பிரதிகளோடு, அவை மாற்றப்படாதவை என்று சட்டம் கேட்கும் சான்றிதழையும் கொடுத்திருந்தேன்.

"இந்தக் கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம்னு சொல்றீங்க?" என்று கேட்டார் என் வழக்கறிஞர்.

"சம்மதம். யாரும் வர வேணாம்ங்கறத ஆதரிக்கறாங்க."

"இவுங்க காய்ச்சல்னு லீவு கேட்டு உங்களுக்கு அனுப்புன மெசேஜ் இது. கீழ கட்டைவிரல் போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்ப லீவுக்குச் சம்மதம் குடுத்துட்டீங்க?"

"இல்லீங்க. பாத்தேன்னு அர்த்தம். லீவு சாங்ஷன் பண்ணல. அன்னிக்கு ஆப்சென்ட்தான் போட்டோம்."

"நீங்க போட்டா பாத்தேன், இவுங்க போட்டா சம்மதமா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்க்க, சத்தம் அடங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றரை வருடமாக என்னைக் கலகக்காரி என்றவர் முகத்தை மட்டும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீர்ப்பு வந்தது. ஒரு குறியீட்டை மட்டும் தனியே பிடுங்கி உள்நோக்கம் கற்பிக்க முடியாது, முழு உரையாடலையும் அவர் நடந்துகொண்ட விதத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அன்று இவர் வேலைக்கு வந்தே இருக்கிறார். தூண்டியதாக ஒரு சாட்சியும் சொல்லவில்லை. மீண்டும் வேலை, இடைப்பட்ட காலமும் தொடர்ந்த பணியாகவே கணக்கு. வேலையில்லாத காலத்துக்குப் பாதிச் சம்பளம்தான். அந்தப் பாதியை இழந்ததில் இன்னும் எனக்கு வருத்தமுண்டு.

நீதிமன்ற வாசலில் மேனேஜர் என்னைக் கடக்கும்போது, "ஹைகோர்ட்டுக்குப் போவோம்" என்றார்.

"போங்க சார். நானும் வரேன்" என்றேன்.

அவர்கள் போகவில்லை. அடுத்த மாதம் முதல் தேதி காலை ரயிலில் சிதம்பரம் வந்து இறங்கினேன். லேபில் என் இடத்தில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். "ஒக்காரும்மா, நாம ரெண்டு பேருக்கும் வேல இருக்கு" என்று சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.